துணிக்கு அடியில் நூல் சுருண்டால்: நூல் கோக்கும் படத்தையும் டென்ஷன் அட்டவணையையும் சேர்த்து வாசிக்க ஒரு வழிகாட்டி

தையல் இயந்திரத்தோடு வரும் கையேட்டில் அதிகம் தேடப்படுபவை இரண்டு பகுதிகள். ஒன்று, முன்பக்கங்களில் எண்களும் அம்புக்குறிகளுமாக இருக்கும் நூல் கோக்கும் படம். மற்றொன்று, கடைசியில் ‘கோளாறு, காரணம், தீர்வு’ என்று கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும் அட்டவணை. இவை தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால் தனித்தனி விஷயங்கள் என்று நினைத்துவிடுகிறோம். படம் இயந்திரத்தை வாங்கிய முதல் நாளுக்கு, அட்டவணை கோளாறு வரும் நாளுக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். உண்மையில் அட்டவணையில் எழுதியிருக்கும் காரணங்களில் பெரும்பாலானவற்றைச் சரிபார்க்கும் இடம் அந்தப் படம்தான்.

இதை விளக்க ஒரே ஒரு கோளாறை எடுத்துக்கொள்கிறேன். துணியின் மேல்பக்கம் தையல் ஓரளவு நன்றாகத் தெரிகிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது, சில இடங்களில் கொத்தாகச் சிக்கிக் கிடக்கிறது. புதிதாகத் தைப்பவர்களை, கீழ் நூல் சுற்றிய பாபின் என்ற சிறு உருளையின் உறையில் இருக்கும் திருகிடம் ஓட வைப்பது இந்தக் கோளாறுதான். அங்கே ஓடக் கூடாது என்பதற்கான காரணம், ஒரு தையல் எப்படி விழுகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு தையல் விழும் விதம்

வீட்டு இயந்திரத்தின் நேர்த்தையலில் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று ஊசி வழியாக மேலிருந்து வருகிறது, மற்றொன்று பாபினிலிருந்து கீழே வருகிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே போய்ச் சற்றே மேலெழும்போது, அதன் பின்புறம் மேல் நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. கீழே இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அப்படிச் சுற்றிவரப் பல சென்டிமீட்டர் நூல் தேவைப்படுகிறது. ஆனால் துணியில் விழும் தையலின் நீளமோ 2.5 மில்லிமீட்டர் அளவுதான். கீழே போன நூலில் பெரும்பகுதி உடனே மேலே திரும்பிவிட வேண்டும். அதை மேலே இழுப்பது, இயந்திரத்தின் முகப்பில் மேலும் கீழுமாகப் போய்வரும் டேக் அப் லீவர்.

இந்த லீவர் மேலே ஏறும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் நூலை இழுக்க முடியும். ஒரு பக்கம் துணிக்கு அடியில் மிதமிஞ்சிக் கிடக்கும் வளையம், மறுபக்கம் நூல்கண்டு. நூல்கண்டின் பக்கத்தில், டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, உண்டாக்கும் தட்டுகள் நூலை இறுகப் பிடித்திருந்தால், லீவருக்கு வேறு வழியில்லை. கீழே கிடப்பதைத்தான் இழுத்தாக வேண்டும். தட்டுகள் பிடிக்கவில்லை என்றால், கண்டிலிருந்து சிரமமில்லாமல் வரும் நூலை இழுத்துக்கொள்ளும். கீழே இருக்கும் வளையம் அப்படியே நின்றுவிடும். அடுத்த குத்தில் இன்னொரு வளையம் அதனோடு சேரும்.

ஆகவே, அடியில் வளையம் தொங்கினால் குறை மேலே இருக்கிறது. கையேட்டின் அட்டவணையும் ‘கீழ்ப்புறத்தில் நூல் வளையம்’ என்ற கோளாறுக்கு எதிரே பாபினைச் சொல்லாமல் மேல் நூலைத்தான் முதலில் சொல்லும். காரணம் தெரியாமல் அந்த வரியைப் படிப்பவருக்கு அது அச்சுப்பிழை போலத் தோன்றும்.

படத்தில் என்ன இருக்கிறது

நூல் கோக்கும் படத்தில் வட்டத்துக்குள் இருக்கும் எண்கள் வரிசையைக் குறிப்பவை. 1 என்பது பெரும்பாலும் நூல்கண்டைச் செருகும் கம்பி. கடைசி எண் ஊசியின் காது. எழுத்துகள் இருந்தால் அவை பாகங்களின் பெயர்களுக்கானவை, வரிசைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நூலைக் காட்டும் கோடு சில இடங்களில் புள்ளிக்கோடாக மாறும். அந்த இடத்தில் நூல் ஒரு மூடிக்கு உள்ளேயோ ஒரு பாகத்துக்குப் பின்னாலேயோ போகிறது, வெளியே தெரியாது என்று அர்த்தம். படத்தின் ஓரத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ தனியே பெரிதாக்கிக் காட்டப்பட்ட சிறு படங்களையும் தாண்டிப் போகாதீர்கள். எந்த இடத்தில் தவறு நடக்கும் என்று தயாரித்தவர்களுக்குத் தெரியுமோ, அந்த இடங்களைத்தான் பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள்.

இன்றைய வீட்டு இயந்திரங்களில் நூல் போகும் பாதை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. கண்டிலிருந்து இடப்பக்கமாக மேல்தளத்தில் இருக்கும் ஒரு வழிகாட்டிக் கொக்கிக்கு வரும். அங்கிருந்து முன்பக்கத்தில் இருக்கும் வலப்புறப் பள்ளத்தின் வழியாகக் கீழே இறங்கும். அடியில் திரும்பி, இடப்புறப் பள்ளத்தின் வழியாக மேலே ஏறும். மேலே டேக் அப் லீவரின் துளையிலோ கொக்கியிலோ மாட்டிக்கொண்டு, மீண்டும் அதே இடப்பள்ளத்தில் இறங்கி, ஊசிக்கு மேலே இருக்கும் சிறு கொக்கியைக் கடந்து, ஊசிக்குள் நுழையும்.

இதில் டென்ஷன் தட்டுகள் எங்கே? பல இயந்திரங்களில் அவை வலப்பள்ளத்துக்குள் மறைந்திருக்கின்றன. வெளியே தெரிவது அவற்றின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் டயல் மட்டும்தான். படத்தில் ஒரு அம்புக்குறி கீழே இறங்கும், அவ்வளவுதான். ‘இந்த இடத்தில் நூல் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார வேண்டும்’ என்பதை அம்புக்குறி சொல்லாது. ஆனால் படத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ, ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைப் பற்றி ஒரு சிறிய குறிப்பு இருக்கும்: ‘பிரஷர் ஃபுட்டை உயர்த்துங்கள்’. அதற்கு எண்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில், முழுக் கையேட்டிலும் மிக அதிகமாகத் தவறவிடப்படும் வரி அதுதான்.

பிரஷர் ஃபுட் உயர்ந்திருக்கும்போது டென்ஷன் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். அப்போது வரும் நூல் நடுவில் நழுவி உட்காரும். ஃபுட்டை இறக்கியதும் தட்டுகள் நெருங்கி நூலைப் பிடித்துக்கொள்ளும். ஃபுட் இறங்கியிருக்கும்போதே நூலைக் கோத்தால், மூடிய தட்டுகளின் விளிம்பில் நூல் வழுக்கிப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் படத்தில் உள்ளபடியே தெரியும். வலப்பள்ளம், இடப்பள்ளம், லீவர், ஊசி எல்லாம் சரி. டென்ஷன் மட்டும் இல்லை.

இதற்கு இணையான இன்னொரு குறிப்பு, கைச்சக்கரத்தை உங்களை நோக்கித் திருப்பி ஊசியை மிக உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்வது. அது அலங்காரத்துக்கு எழுதியதில்லை. பெரும்பாலான இயந்திரங்களில் ஊசி உயரத்தில் நிற்கும்போது டேக் அப் லீவரும் மேலே வந்து, கண்ணுக்கும் கைக்கும் எட்டும். லீவர் உள்ளே இறங்கியிருந்தால் நூல் அதில் மாட்டாமலே கடந்துபோகும். லீவரில் மாட்டாத நூலை மேலே இழுக்க எதுவுமே இல்லை என்பதால், சில குத்துகளிலேயே அடியில் பெரிய சிக்கு விழுந்து இயந்திரம் நின்றுவிடும்.

ஊசியில் எந்தப் பக்கத்திலிருந்து நூலை நுழைப்பது என்பதையும் படத்தில் உற்றுப் பாருங்கள். பெரும்பாலான இன்றைய இயந்திரங்களில் முன்னிருந்து பின்னுக்கு. சில பழைய இயந்திரங்களில் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். படம் தெளிவாக இல்லை என்றால் ஊசியே சொல்லிவிடும். வீட்டு இயந்திர ஊசியின் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஊசியின் நீளத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். நகத்தால் தடவினால் தெரியும். நூல் அந்தப் பள்ளத்தில் படுத்து வந்து, அதே பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைய வேண்டும்.

கோத்த பிறகு ஒரு சோதனை

கையேடுகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் சோதனை ஒன்று உண்டு. அடுத்த பகுதியிலிருந்து எதைச் செய்வதானாலும் இதைச் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நூலை லீவர் வரை கோத்து, ஊசிக்குள் மட்டும் நுழைக்காமல் நிறுத்துங்கள். பிரஷர் ஃபுட் மேலே இருக்கட்டும். நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தடையே இல்லாமல் நூல் வரும். இப்போது ஃபுட்டை இறக்கிவிட்டு மறுபடி இழுங்கள். கைக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு பிடிப்பு வர வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும்; ‘கொஞ்சம் இறுகியது போல இருக்கிறது’ என்ற அளவு போதாது.

வித்தியாசமே இல்லை, இரண்டிலும் நூல் எளிதாகவே வருகிறது என்றால், நூல் தட்டுகளுக்கு வெளியே இருக்கிறது, அல்லது தட்டுகளுக்கு நடுவே பஞ்சுத்துகள் அடைந்து அவை முழுதாக மூடவில்லை. முழு நூலையும் எடுத்துவிட்டு, ஃபுட்டை உயர்த்தி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். வலப்பள்ளத்தில் இறக்கும்போது, ஒரு கையால் நூலைக் கண்டின் அருகே லேசாகப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழே இழுங்கள். நூல் விறைப்பாக இருந்தால்தான் தட்டுகளுக்கு இடையே விழும், தொளதொளவென்று இருந்தால் விளிம்பில் தங்கிவிடும். அப்படியும் பிடிப்பு வரவில்லை என்றால், டயலை 0-க்குக் கொண்டுவந்து, ஃபுட்டை உயர்த்தி, மெல்லிய பருத்தித் துணியின் மடித்த விளிம்பைத் தட்டுகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுத்துகளோ ஒரு துண்டு நூலோ வெளியே வரும். பிறகு டயலை மறக்காமல் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.

டயலும் மூன்று சிறு படங்களும்

டயலில் வழக்கமாக 0 முதல் 9 வரை எண்கள் இருக்கும். எண் கூடக்கூட மேல் நூலின் பிடிப்பும் கூடும். நடுவில் 4-ஐச் சுற்றியோ, 3-க்கும் 5-க்கும் இடையிலோ ஒரு கட்டமோ தடித்த கோடோ போட்டிருப்பார்கள், அல்லது ‘ஆட்டோ’ என்று எழுதியிருப்பார்கள். நடுத்தரத் துணிக்கும் நடுத்தர நூலுக்கும் பொருந்தும் இடம் அது. அந்த எண் கிலோ, கிராம் போன்ற அளவு இல்லை. ஓர் இயந்திரத்தின் 4 இன்னொன்றின் 4-க்குச் சமமாக இருக்க வேண்டிய அவசியமுமில்லை.

டயலை விளக்கும் பக்கத்தில் மூன்று சிறு படங்கள் இருக்கும். துணியைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்தக் கோணத்தில் வரைந்தவை. முதல் படத்தில் இரண்டு நூல்களும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். அது சரியான தையல். இரண்டாவதில் பின்னும் இடம் துணியின் மேல்பரப்புக்கு ஏறியிருக்கும். மேல் நூல் அதிக இறுக்கம். மூன்றாவதில் பின்னும் இடம் அடிப்பரப்புக்கு இறங்கியிருக்கும். மேல் நூல் தளர்வு.

இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: எந்த நூல் வளையாமல் நேர்கோடாகக் கிடக்கிறதோ, அதுதான் மற்றதைவிட இறுக்கமானது. இழுத்துக் கட்டிய கயிறு நேராக நிற்பது போல. உண்மையான துணியில் இதைக் கையாலேயே பார்க்கலாம். தைத்த துணியின் ஒரு பக்கத்தில் ஒரு குண்டூசியின் முனையைத் தையலுக்கு அடியில் நுழைத்து நெம்புங்கள். நேராகக் கிடக்கும் நூல் ஒரே இழையாகத் துணியைவிட்டு எழும்பிவிடும், எதிர் நூல் அதைக் குட்டிக் குட்டிக் கண்ணிகளால் பிடித்திருப்பது தெரியும். இரண்டும் சமமாக இருந்தால் எந்தப் பக்கம் நெம்பினாலும் குண்டூசி எளிதில் நுழையாது.

இந்தச் சோதனைக்கு ஒரே நிற நூல் உதவாது. ஒரே தடிமனும் ஒரே ரகமும் கொண்ட இரண்டு நிற நூல்களை எடுங்கள். மேலே சிவப்பு, பாபினில் நீலம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, தையல் நீளம் 2.5, டயல் 4 என்று வைத்து, ஒரு சாண் நீளம் நேராகத் தையுங்கள். அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் தளர்வு, அல்லது பாபின் நூல் இறுக்கம். மேல்பக்கத்தில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அதற்கு நேர்மாறு. ‘அல்லது’ என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

வளைவுத் தையலுக்கு, அதாவது ஜிக்ஜாக்குக்கு, இந்தக் கணக்கு சற்று மாறும். அங்கே அடிப்பக்கத்தில் மேல் நூல் லேசாகத் தலைகாட்டுவது சரிதான். அதைப் பார்த்து டயலை ஏற்ற வேண்டாம்.

அட்டவணையை எப்படிப் படிப்பது

அட்டவணையை இடமிருந்து வலமாக ஒரு வரி படித்து, அதில் முதலில் சொன்ன தீர்வைச் செய்து பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தக் காரணங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கையேடு சொல்வதில்லை. அடிக்கடி நடப்பதும் அபூர்வமாக நடப்பதும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் இருக்கும். அதனால் நடுவில் இருக்கும் ‘காரணம்’ என்ற கட்டத்தை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ‘மேல் நூல் அறுகிறது’, ‘தையல் விடுபடுகிறது’, ‘அடியில் வளையம் விழுகிறது’, ‘துணி சுருங்குகிறது’ என்று கோளாறுகள் வேறுவேறாக இருந்தாலும், காரணங்களில் இரண்டு திரும்பத் திரும்ப வரும்: நூல் சரியாகக் கோக்கப்படவில்லை, ஊசி தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது அல்லது மழுங்கிவிட்டது. நேரமும் அதிகம் எடுக்காத, எதையும் கெடுத்துவிடாத வேலைகள் இவை. ஆகவே எந்த வரியில் தொடங்கினாலும் இவற்றை முதலில் முடித்துவிடுங்கள். டயல் அதற்குப் பிறகு. பாபின் திருகு எல்லாவற்றுக்கும் கடைசி.

காரணத்துக்கு எதிரே ஒரு பக்க எண் இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அது உங்களை நூல் கோக்கும் படத்துக்கே திருப்பி அனுப்பும்.

அட்டவணை ஒரே வார்த்தையால் குறிப்பிடும் கோளாறு, துணியில் வெவ்வேறு விதமாகத் தெரியலாம். ‘அடியில் வளையம்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தைத்த நீளம் முழுவதும் பெரிய வளையங்கள் தொங்கினால், மேல் நூலைத் தட்டுகள் பிடிக்கவே இல்லை. டயலை எங்கே திருப்பினாலும் பலன் இருக்காது. அடியில் சிறு புள்ளிகளாக மட்டும் மேல் நூல் தெரிந்தால், பிடிப்பு இருக்கிறது, அளவுதான் குறைவு. இது டயலுக்கான வேலை. தையல் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு கொத்து விழுந்து, பிறகு சரியாக ஓடினால், டென்ஷனில் குறையே இல்லை. தொடங்கும்போது இரண்டு நூல்களின் நுனிகளையும் பின்பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் விட்டு, முதல் இரண்டு மூன்று குத்துகள் வரை விரலால் பிடித்துக்கொண்டால் போதும். சில அங்குலம் நன்றாக ஓடி, திடீரென்று சில குத்துகள் மட்டும் கெட்டு, மறுபடி நன்றாக ஓடினால், கண்டில் நூல் எங்கோ சிக்கி விடுபடுகிறதா என்று பாருங்கள். கண்டின் விளிம்பில் இருக்கும் வெட்டும், அளவு பொருந்தாத மூடியும் இதைச் செய்யும்.

ஒரு கோளாறு, தொடக்கம் முதல் முடிவு வரை

என்னிடம் தையல் பழகும் பெண் ஒருவர் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். அடியில் வளையங்கள் விழுந்தன. கீழே தெரிவதால் கீழ் நூல்தான் தளர்ந்திருக்கிறது என்று எண்ணி, பாபின் கேஸின் திருகை இறுக்கினார். சரியாகவில்லை. பிறகு அட்டவணையைப் பார்த்து, ‘மேல் டென்ஷன் தளர்வு’ என்றிருந்ததால் டயலை 7 வரை ஏற்றினார். வளையங்கள் அப்படியே இருந்தன. அந்த நிலையில் இயந்திரம் என் முன்னால் வந்தது.

டயலை 4-லிருந்து 7-க்கு ஏற்றியும் தையலில் மாற்றமே இல்லை என்பதே போதுமான தகவல். தட்டுகளுக்கு நடுவே நூல் இருந்திருந்தால், மூன்று எண்கள் ஏறியதற்கு ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஊசியிலிருந்து நூலை உருவி இழுத்துப் பார்த்தோம். ஃபுட் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே மாதிரி எளிதாக வந்தது. ஃபுட்டை உயர்த்தி, அவரையே படத்தைப் பார்த்து முதலிலிருந்து கோக்கச் சொன்னேன். இந்த முறை ஃபுட்டை இறக்கியதும் நூல் கையில் இறுகியது.

மேலே சிவப்பு, கீழே நீலம் போட்டுத் தைத்துப் பார்த்தோம். வளையங்கள் முற்றிலும் போய்விட்டன. அடியில் சிவப்பு இல்லை, மேலே நீலம் இல்லை. அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் துணியைத் தட்டையாக மேசைமேல் வைத்தபோது தையல் ஓடிய இடம் நெடுகச் சுருக்கம் விழுந்திருந்தது. இரண்டு கைகளாலும் தையலின் நீளவாக்கில் பிடித்து இழுத்ததும் நூல் படக்கென்று அறுந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். பின்னும் இடம் துணியின் நடுவில் அமைய, இரண்டு நூல்களின் இழுப்பும் சமமாக இருந்தால் போதும். இரண்டும் அளவாக இருந்தாலும் சமம்தான், இரண்டும் மிகையாக இருந்தாலும் சமம்தான். அவர் பாபின் திருகை இறுக்கியிருந்தார், டயலையும் 7-இல் வைத்திருந்தார். மேல் நூல் தட்டுகளுக்குள் வந்ததும் அந்த 7 உண்மையான 7 ஆகிவிட்டது. இரண்டு மிகைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நிறங்கள் சரியாகத் தெரிந்தன, துணிதான் சுருங்கியது. அட்டவணையில் ‘துணி சுருங்குகிறது’ என்ற வரி தனியே இருப்பது இதற்காகத்தான். வளையம் பற்றிய வரியைப் படித்து முடித்ததும் கையேட்டை மூடிவிட்டால் இது கண்ணில் படாது.

டயலை 4-க்கு இறக்கித் தைத்தோம். சுருக்கம் குறைந்தது, ஆனால் அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மேல் நூல் தளர்வு, அல்லது பாபின் நூல் இறுக்கம். மேல் நூல் சரியாகக் கோத்து, சாதாரணத் துணிக்கு உரிய எண்ணில் இருக்கிறது; திருகை இறுக்கியதும் நமக்குத் தெரியும். ஆகவே இப்போது, இப்போதுதான், பாபின் கேஸைக் கையில் எடுத்தோம்.

முன்பக்கமாகச் செருகும் உலோக பாபின் கேஸை நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். கீழே மறுகையை ஏந்தி வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் பிடித்தால் கேஸ் தொங்கியபடி நிற்க வேண்டும். மணிக்கட்டை ஒருமுறை லேசாக மேலே சுண்டினால், சிறிது நூலை விட்டுக்கொண்டு கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். தானாகவே சரிந்து இறங்கினால் தளர்வு. எவ்வளவு சுண்டினாலும் அசையவில்லை என்றால் இறுக்கம். அவருடைய கேஸ் கல்லாட்டம் நின்றது. சிறிய திருப்புளியால் திருகைக் கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தினோம். சுண்டியபோது மெல்ல அசைந்தது. இன்னும் கொஞ்சம், கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு. இறங்கி நின்றது. டயல் 4-இலேயே இருக்க, மறுபடி தைத்தோம். இரண்டு பக்கமும் அந்தந்த நிறம் மட்டும், துணி தட்டையாகக் கிடந்தது, நீளவாக்கில் இழுத்தும் நூல் அறவில்லை.

பாபின் திருகைத் தொட நேர்ந்தால்

அந்தச் சிறிய திருகு சில சுற்றுகளிலேயே கழன்று விழுந்துவிடும், விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. வெள்ளைத் துணியோ தட்டோ விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். திருகின் வெட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தொடங்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிய ஒவ்வொரு முறையும் தைத்துப் பாருங்கள். மேலிருந்து பாபினைப் போடும் இயந்திரங்களில் இந்தத் தொங்கவிடும் சோதனையை அப்படியே செய்ய முடியாது. அவற்றில் பாபின் எந்தத் திசையில் சுழல வேண்டும் என்ற படத்தை மட்டும் சரிபாருங்கள். பெரும்பாலானவற்றில் நூலை இழுத்தால் பாபின் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். திசை மாறிப் போட்டால், பாபின் நூல் தன்னுடைய சிறு வெட்டிலிருந்து நழுவிக் கீழ் டென்ஷனே இல்லாமல் போகலாம். அப்போது மேல்பக்கத்தில் பாபின் நூல் தெரியும். அதைப் பார்த்து டயலைக் குறைக்கத் தோன்றும். அதுவும் தவறான திசை.

டயலைத் திருப்பும்போதும் ஓர் எண்ணை ஒரேயடியாகத் தாண்ட வேண்டாம். அரை எண் திருப்பி, ஒரு சாண் தைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அதன் பிறகு அடுத்த அரை. மெல்லிய வழுக்குத் துணிக்கு எண்ணைச் சற்று இறக்க வேண்டிவரும், கனத்த துணிக்குச் சற்று ஏற்ற வேண்டிவரும். ஆனால் சாதாரணப் பருத்தியில் 4-இல் சரியாக ஓடும் இயந்திரத்தில் வேறு துணிக்காக 1-க்கோ 8-க்கோ போக வேண்டியிருந்தால், பதில் டயலில் இல்லை. ஊசியின் பருமனையும் நூலின் தடிமனையும் பாருங்கள். ஊசியில் 90/14 என்றிருந்தால் அதன் தண்டு 0.9 மில்லிமீட்டர் பருமன். நூல் அதன் காதில் தாராளமாக ஓட வேண்டும்.

படத்தைப் பார்த்துக் கோத்தாயிற்று, இழுப்புச் சோதனையில் பிடிப்பு தெரிகிறது, ஊசி புதிது, தட்டுகளும் பாபின் இருக்கும் இடமும் சுத்தம், பாபின் கேஸ் அளவாக இறங்குகிறது. இத்தனைக்கும் பிறகு வளையம் விழுந்தாலோ தையல் விடுபட்டாலோ, அது கையேட்டைத் தாண்டிய குறை. டென்ஷன் தட்டுகளின் அருகில் நூலைத் துள்ளிப் பிடிக்கும் மெல்லிய கம்பிச் சுருள் ஒடிந்திருக்கலாம் அல்லது வளைந்திருக்கலாம். ஊசி முறிந்த வேகத்தில் கொக்கியின் விளிம்பில் கீறல் விழுந்திருக்கலாம். கொக்கி ஊசியைச் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். இவற்றை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். போகும்போது இயந்திரத்தோடு அந்தச் சிவப்பு நீலத் துணியையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தையலின் பக்கத்திலும் டயலின் எண்ணைப் பேனாவால் எழுதி வைத்திருந்தால், அவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது துணியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும்.